கிரஷர் ஓடாத ஆண்டில் தேய்மானம் எவ்வளவு? கல் குவாரிக் கணக்கில் டன் அடிப்படை முறை

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது கிள்ளான் பள்ளத்தாக்கில் கட்டுமானத் தளங்கள் அடங்கிப் போயின. கல் வாங்க லாரி வரவில்லை என்றால் கல்லை உடைத்து என்ன செய்வது? குவாரிகளில் கிரஷர்கள் நின்றன. மே 4-க்குப் பிறகு தொழில்கள் படிப்படியாகத் திறக்கப்பட்டாலும் வேலை பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை. அந்த ஆண்டில் நாட்டின் கட்டுமானத் துறை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியது. 2021 ஜூன் 1-ஆம் தேதி மீண்டும் முழு முடக்கம் வந்தது.

அந்த ஆண்டுகளின் கணக்கை முடிக்கும்போது சிறிய குவாரி நிறுவனங்களில் ஒரு கேள்வி எழுந்தது. இயந்திரம் பாதி ஆண்டு சும்மா நின்றது. அப்படியிருக்க, முழு ஆண்டுத் தேய்மானத்தை ஏன் செலவாக எழுத வேண்டும்? கேள்வி நியாயமானதுதான். அதற்குக் கணக்கியலில் பதிலும் உண்டு. ஆனால் அந்தப் பதிலை நல்ல ஆண்டிலும் கெட்ட ஆண்டிலும் ஒரே மாதிரி கடைப்பிடிக்க வேண்டும். நட்டம் வந்த ஆண்டில் மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளும் மருந்து அல்ல அது.

தேய்மானம் என்பது இயந்திரத்தின் சந்தை விலை ஆண்டுக்கு எவ்வளவு குறைந்தது என்று அளப்பது அல்ல. வாங்கிய விலையை, அந்த இயந்திரம் நமக்கு உழைக்கும் காலம் முழுவதற்கும் பங்கிட்டு எழுதுவதே தேய்மானம். அந்தப் பங்கீட்டை ஆண்டுகளின் எண்ணிக்கையால் செய்தால் அது நேர்கோட்டு முறை. ஆண்டுதோறும் ஒரே தொகை வரும். அதையே இயந்திரம் செய்த வேலையின் அளவால் செய்தால் உற்பத்தி அலகு முறை. கிரஷருக்கு அந்த அலகு, உடைத்த கல்லின் டன்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். இது விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டது; எந்த நிறுவனத்தின் கணக்கும் அல்ல. கிள்ளானில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனம். மாமனும் மச்சானும் ஆளுக்குப் பாதிப் பங்கு. ரவாங், செமினி பக்கத்துக் குவாரிகளில் கருங்கல்லைக் கூலிக்கு உடைத்துக் கொடுப்பது தொழில். கணக்கை எழுதித் தருவது பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு கணக்கர் அலுவலகம். 2018 ஜனவரியில் இவர்கள், சங்கிலிச் சக்கரத்தில் நகர்ந்து போகும் கிரஷர் ஒன்றை 24 லட்சம் வெள்ளிக்கு ரொக்கமாக வாங்குகிறார்கள். உழைத்து முடிந்தபின் 2 லட்சம் வெள்ளிக்கு விற்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஆக, பங்கிட வேண்டிய தொகை 22 லட்சம் வெள்ளி.

நேர்கோட்டு முறையில் பத்து ஆண்டு ஆயுள் என்று வைத்தால் ஆண்டுக்கு 220,000 வெள்ளி. அவ்வளவுதான் கணக்கு. உற்பத்தி அலகு முறையில் இன்னொரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இந்த இயந்திரம் தன் வாழ்நாளில் மொத்தம் எத்தனை டன் உடைக்கும்? 27 லட்சத்து 50 ஆயிரம் டன் என்று மதிப்பிட்டார்கள் என்று கொள்வோம். 22 லட்சத்தை அதனால் வகுத்தால் டன்னுக்கு 80 சென். இனி ஒவ்வோர் ஆண்டும் உடைத்த டன்னை 80 சென்னால் பெருக்கினால் அந்த ஆண்டின் தேய்மானம் கிடைத்துவிடும்.

2018-இல் 340,000 டன் உடைத்தார்கள். தேய்மானம் 272,000 வெள்ளி. 2019-இல் நல்ல வேலை, 410,000 டன். தேய்மானம் 328,000 வெள்ளி. 2020-இல் 120,000 டன் மட்டுமே; 96,000 வெள்ளி. 2021-இல் 150,000 டன், 120,000 வெள்ளி. 2022-இல் 290,000 டன்னும் 2023-இல் 430,000 டன்னும் உடைத்ததால் முறையே 232,000 வெள்ளி, 344,000 வெள்ளி. ஆறு ஆண்டில் மொத்தம் 17 லட்சத்து 40 ஆயிரம் டன், 1,392,000 வெள்ளி தேய்மானம். நேர்கோட்டு முறையில் அதே ஆறு ஆண்டுக்கு 1,320,000 வெள்ளி வந்திருக்கும். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த ஆண்டின் தலையில் எவ்வளவு விழுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

தேய்மானத்துக்கு முன் 2019-இல் 479,000 வெள்ளி மிச்சம் என்றும், 2020-இல் 72,000 வெள்ளி நட்டம் என்றும் வைத்துக்கொள்வோம். நேர்கோட்டு முறையில் 2019-இன் லாபம் 259,000 வெள்ளி, 2020-இன் நட்டம் 292,000 வெள்ளி. டன் முறையில் 2019-இன் லாபம் 151,000 வெள்ளியாகக் குறைகிறது; 2020-இன் நட்டமும் 168,000 வெள்ளியாகச் சுருங்குகிறது. நல்ல ஆண்டு அவ்வளவு நல்லதாகவும் இல்லை, கெட்ட ஆண்டு அவ்வளவு கெட்டதாகவும் இல்லை.

இது வெறும் தாளில் நடக்கும் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். 2019 டிசம்பரில் மாமன், "எனக்கு வயதாகிவிட்டது, என் பங்கை நீயே எடுத்துக்கொள் மாப்பிள்ளை" என்கிறார். கணக்குப் புத்தகத்தில் உள்ள நிகரச் சொத்தில் பாதிதான் விலை என்று இருவரும் பேசி முடிக்கிறார்கள். குடும்ப நிறுவனங்களில் இது சகஜம். தனியாக மதிப்பீட்டாளர் வைப்பவர்கள் குறைவு. அப்போது கிரஷரின் புத்தக மதிப்பு நேர்கோட்டு முறையில் 19 லட்சத்து 60 ஆயிரம் வெள்ளி. டன் முறையில் 18 லட்சம் வெள்ளி. இடையே 160,000 வெள்ளி. அதில் பாதி, 80,000 வெள்ளி, மாமன் கைக்குப் போகுமா மச்சானிடம் தங்குமா என்பதைத் தீர்மானிப்பது தேய்மான முறை.

இயந்திரத்தின் உழைப்பைப் பார்த்தால் விடை தெரியும். இரண்டே ஆண்டில் அது 750,000 டன் உடைத்துவிட்டது. அதன் மொத்த உழைப்பில் 27 விழுக்காட்டுக்கும் மேல் தீர்ந்துவிட்டது. நேர்கோட்டுக் கணக்கோ 20 விழுக்காடுதான் தேய்ந்தது என்று சொல்லும். அந்தக் கணக்கை நம்பினால், ஏற்கெனவே உழைத்துத் தீர்ந்த பகுதிக்கும் மச்சான் காசு கொடுக்கிறார். மாமன் இரண்டு ஆண்டு பொறுத்து 2021 இறுதியில் விலகினால் நிலைமை தலைகீழ். டன் முறையில் புத்தக மதிப்பு 1,584,000 வெள்ளி. நேர்கோட்டில் 1,520,000 வெள்ளி. அப்போது நேர்கோட்டுக் கணக்கில் இழப்பவர் மாமன். ஆக, இந்த முறை யாருக்கும் நிரந்தரச் சலுகை தருவதில்லை.

சட்டப்படி இது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. சரிதான். தனியார் நிறுவனங்களுக்காக 2016 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள எம்.பி.இ.ஆர்.எஸ். தரம், நேர்கோட்டு முறை, குறையும் மதிப்பு முறை, பயன்பாட்டு அடிப்படையிலான முறை ஆகிய மூன்றையும் ஏற்கிறது. பங்குச் சந்தை நிறுவனங்கள் பின்பற்றும் எம்.எஃப்.ஆர்.எஸ். 116-உம் அப்படியே. சொத்தின் பலன் எந்தப் போக்கில் தீர்ந்துபோகிறதோ அந்தப் போக்கை முறை காட்ட வேண்டும் என்பதே இரண்டிலும் உள்ள நிபந்தனை. இயந்திரம் சும்மா நிற்பதால் மட்டும் தேய்மானத்தை நிறுத்தக் கூடாது என்றும் அவை சொல்கின்றன. ஆனால் பயன்பாட்டு முறையில் உற்பத்தி இல்லாத காலத்துக்குத் தேய்மானம் பூஜ்யமாக இருக்கலாம் என்று அதே இடத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது.

இதில் ஒரு வழியை மட்டும் எம்.எஃப்.ஆர்.எஸ். 116 அடைத்திருக்கிறது. டன்னுக்குப் பதிலாக விற்பனை வெள்ளியை அளவுகோலாக வைத்து, "இந்த ஆண்டு வருமானத்தில் இத்தனை விழுக்காடு தேய்மானம்" என்று எழுத முடியாது. கல்லின் விலை ஏறினால் விற்பனை ஏறும். அதற்காகக் கிரஷர் கூடுதலாகத் தேய்வதில்லை அல்லவா?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். அந்த 27 லட்சத்து 50 ஆயிரம் டன் எங்கிருந்து வந்தது? இந்த முறையின் உயிர் அந்த ஓர் எண்ணில் இருக்கிறது. அது பிழையானால் ஒவ்வோர் ஆண்டின் கணக்கும் பிழை. பலர் செய்வது, விற்பனையாளர் தந்த விளம்பரத் தாளில் மணிக்கு இத்தனை டன் என்றிருப்பதை எடுத்து, ஆண்டின் வேலை நேரத்தால் பெருக்கி, பத்தால் பெருக்குவது. அது இயந்திரத்தின் உச்ச வேகம். கல் சிக்கி நிற்கும் நேரம், மழை, பழுது, லாரிக்குக் காத்திருக்கும் நேரம் எதுவும் அதில் இல்லை. அந்த எண் பெரிதாக வரும். டன்னுக்கான தேய்மானம் சிறிதாகும். லாபம் வீங்கித் தெரியும். இயந்திரம் உடைந்து விழும் நாளில் புத்தகத்தில் இன்னும் பல லட்சம் வெள்ளி மீதமிருக்கும்.

அதைவிட நம்பத்தக்கது, இதே வகை கிரஷர் இதே வகைக் கல்லில் முன்பு எவ்வளவு உழைத்தது என்ற அனுபவம். கல்லின் வகை முக்கியம். ரவாங், செமினி பக்கங்களில் கிடைப்பது கருங்கல். அதில் குவார்ட்ஸ் அதிகம். இரும்பை அரைத்துத் தின்னும். சுண்ணாம்புக் கல் அவ்வளவு கொடுமை செய்யாது. சுண்ணாம்புக் கல்லில் ஓடிய இயந்திரத்தின் ஆயுளைக் கருங்கல் குவாரிக்கு அப்படியே எடுத்துக்கொண்டால் எண் நிச்சயம் ஏமாற்றும்.

இயந்திரத்தால் எவ்வளவு முடியும் என்பதோடு கணக்கு முடிவதில்லை. உடைக்கக் கல் இருக்குமா என்பதும் உண்டு. பாறைப் பொருளை வெட்டி எடுக்கத் தேசிய நிலச் சட்டத்தின் கீழ் பெர்மிட் வேண்டும். அந்தக் குவாரியில் இன்னும் 15 லட்சம் டன் கல்தான் எடுக்க முடியும் என்றால், கான்கிரீட் அடித்தளத்தில் நிரந்தரமாக நிறுத்திய ஆலைக்கு 27 லட்சம் டன் என்று எழுதுவது அர்த்தமற்றது. வேறிடத்துக்குப் பெயர்க்க முடியாத பகுதியின் ஆயுள் குவாரியோடு முடிந்துவிடும். நம் உதாரணத்தில் உள்ளது நகரும் கிரஷர். ஒரு குவாரி மூடினால் டிரெய்லரில் ஏற்றி அடுத்ததற்குக் கொண்டுபோகலாம். அதனால் அதற்கு இயந்திரத்தின் திறனையே எல்லையாக வைப்பது பொருந்தும். ஒரே முறைதான், ஒரே கல்தான். ஆனால் இரண்டு இயந்திரங்களுக்கும் மொத்த டன்னைத் தேடும் இடம் வேறு.

தேயும் உதிரி பாகங்களைத் தனியே பார்க்க வேண்டும். கல்லை நேரடியாகக் கடிக்கும் தாடைத் தகடுகளும், கோன் கிரஷரின் உள்ளே இருக்கும் மாங்கனீசு எஃகு உறைகளும் அடிக்கடி மாற்றப்படுபவை. அவற்றின் விலை, மாற்றும்போது செலவாகப் போய்விடுகிறது. "தகடுகள் சீக்கிரம் தேய்கின்றன" என்பதற்காக முழு இயந்திரத்தின் ஆயுளைக் குறைத்து எழுதினால் ஒரே தேய்மானத்தை இருமுறை செலவாக எழுதியது ஆகும். இங்கே நாம் மதிப்பிடுவது சட்டகம், தண்டு, பேரிங்குகள் தாங்கும் டன்னை. எஞ்சின் போன்ற பெரிய பாகம் ஒன்று முழு இயந்திரத்தைவிட வெகு முன்னதாக மாற்றப்படும் என்று தெரிந்தால், அதன் விலையைப் பிரித்து அதற்கென ஒரு தனி விகிதம் வைக்கத் தரங்களும் சொல்கின்றன. எஞ்சினுக்கு டன்னைவிட ஓடிய மணி நேரம் பொருத்தமான அளவுகோல். கல் இல்லாமல் வெறுமனே ஓடினாலும் எஞ்சின் தேயும் அல்லவா!

மொத்த டன் கிடைத்தபின், ஆண்டு டன்னை எண்ண வேண்டும். இது எளிது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். குவாரி வாசலில் உள்ள லாரி எடைமேடையின் சீட்டுகளைக் கூட்டினால் போதும் என்பது வழக்கமான பதில். போதாது. அந்தச் சீட்டுகள் காட்டுவது விற்ற கல்லை. கிரஷர் தேய்ந்தது உடைத்த கல்லால். 2020 பிப்ரவரியில் உடைத்துக் குவித்த கல், முடக்கம் முடிந்து ஜூலையில் லாரி ஏறியிருக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு வேலை ஏறி இறங்கும் தொழிலில் குவியலும் அப்படியே ஏறி இறங்கும். விற்பனைச் சீட்டை நம்பினால், இயந்திரம் ஓடிய ஆண்டில் குறைவாகவும் குவியலைக் காலி செய்த ஆண்டில் அதிகமாகவும் தேய்மானம் விழும்.

கன்வேயர் பெல்ட்டின் அடியில் பொருத்தும் தராசு இதற்குச் சரியான கருவி. அது எந்தப் பெல்ட்டில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். முதல் உடைப்பில் வரும் கல் சல்லடைக்குப் போகிறது. அளவுக்கு மேல் பெரிதாக உள்ள கல் திரும்பவும் கோன் கிரஷருக்கு வருகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வரும் பெல்ட்டில் தராசு இருந்தால் ஒரே கல் இரண்டு மூன்று முறை எடை போடப்படும். கடைசியாகச் சரக்கு வெளியேறும் பெல்ட்டுகளின் தராசுகளைக் கூட்டுவது பாதுகாப்பானது. எந்த இடத்தில் எண்ணினாலும், மொத்த மதிப்பீட்டையும் அதே இடத்து அளவில்தான் போட்டிருக்க வேண்டும். மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு என்றால் வகுத்தல் பொய்யாகிவிடும்.

பெல்ட் தராசு தானாகச் சரியாக இருப்பதில்லை; தூசி படியும், பெல்ட் தளரும். அதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. 2023-இல் பெல்ட் தராசு 430,000 டன் என்கிறது. அதே ஆண்டில் வாசல் எடைமேடை வழியாக 395,000 டன் வெளியேறியது. ஆண்டுத் தொடக்கத்தைவிட இறுதியில் குவியல் 20,000 டன் கூடியிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 415,000 டன். இன்னும் 15,000 டன் எங்கே? குவாரிக்குள்ளேயே பாதை போடப் பயன்படுத்தியிருக்கலாம். குவியலைக் கன அளவில் அளந்து டன்னாக மாற்றியதில் பிழை இருக்கலாம். உடைத்த கருங்கல் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.6 டன் என்று எடுப்பார்கள், ஈரமும் கல்லின் அளவும் அதை மாற்றும். அல்லது தராசு கூட்டிக் காட்டுகிறது. இந்த 15,000 டன்னின் தேய்மானம் 12,000 வெள்ளி மட்டுமே. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரே பக்கமாக விலகினால் அது தராசின் நோய். தொழில் தெரிந்தவர்கள் ஒரு டன்னுக்கு எத்தனை லிட்டர் டீசல் என்றும் பார்ப்பார்கள். கல் மாறாமல், இயந்திரம் மாறாமல், அந்த எண் மட்டும் ஓர் ஆண்டில் சட்டென்று இறங்கினால், டன்னைக் கூட்டி எழுதியிருக்கிறார்களா என்று சந்தேகிக்கலாம்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் முதல் மதிப்பீடு முதல் மதிப்பீடுதான். நம் உதாரணத்தில் 2023 இறுதியில் புத்தக மதிப்பு 1,008,000 வெள்ளி. பழைய மதிப்பீட்டின்படி இன்னும் 10 லட்சத்து 10 ஆயிரம் டன் மீதி. 2024 ஜனவரியில் பெரிய பராமரிப்புக்காக இயந்திரத்தைத் திறந்த பொறியாளர், சட்டகத்தில் பற்ற வைத்த இடங்களில் விரிசல் தொடங்கியிருப்பதைக் காண்கிறார். இன்னும் 720,000 டன்னுக்கு மேல் தாங்காது என்பது அவர் கணிப்பு. கடைசியில் கிடைக்கும் விலையும் 144,000 வெள்ளிதான் இருக்கும் என்று தெரிகிறது.

இங்கே பலருக்கு எழும் ஆசை, பழைய ஆறு ஆண்டுக் கணக்கையும் திருத்துவது. அது தேவையில்லை; கூடவும் கூடாது. அன்று தெரிந்ததை வைத்து நேர்மையாகச் செய்த மதிப்பீடு இன்று மாறினால், மாற்றம் இனிவரும் ஆண்டுகளுக்கு மட்டும். 1,008,000-இலிருந்து 144,000-ஐக் கழித்தால் 864,000 வெள்ளி. அதை 720,000 டன்னால் வகுத்தால் டன்னுக்கு 1 வெள்ளி 20 சென். 2024-இல் 380,000 டன் உடைத்தால் தேய்மானம் 456,000 வெள்ளி. பழைய விகிதத்தில் 304,000 வெள்ளியாக இருந்திருக்கும்.

டன்னுக்கு 40 சென் கூடிவிட்டது என்பது கணக்கர் மட்டும் அறிய வேண்டிய செய்தி அல்ல. கூலிக்கு உடைத்துக் கொடுப்பவர் டன்னுக்கு இவ்வளவு என்று விலை பேசுகிறார். அடுத்த ஒப்பந்தத்துக்கும் 80 சென்னையே மனத்தில் வைத்துப் பேசினால், இயந்திரம் தீரும்போது புதிதாக வாங்கக் கையில் காசு இருக்காது. என் பார்வையில் இந்த முறையால் சிறு நிறுவனத்துக்குக் கிடைக்கும் பெரிய நன்மை இதுதான்: தேய்மானம் டீசலைப்போல டன் கணக்கில் கண்முன் நிற்கிறது.

எம்.எஃப்.ஆர்.எஸ். 116-ஐப் பின்பற்றுவோர் இந்த மறுபார்வையைக் குறைந்தது ஆண்டுக்கு ஒரு முறை செய்தாக வேண்டும். எம்.பி.இ.ஆர்.எஸ். நிறுவனங்களுக்கு, ஏதோ மாறிவிட்டது என்பதற்கு அறிகுறி தெரியும்போது செய்தால் போதும். விரிசல் ஓர் அறிகுறி. எதிர்பாராத தேய்வும் ஓர் அறிகுறி.

இதே விதிதான் முறையை மாற்றுவதற்கும். நேர்கோட்டு முறையில் எழுதி வந்தவர், இயந்திரத்தின் பலன் தீரும் போக்கு உண்மையில் வேறு என்று காட்ட முடிந்தால் டன் முறைக்கு மாறலாம். அதுவும் இனிவரும் காலத்துக்கு மட்டும். "இந்த ஆண்டு நட்டம், அதனால் மாறுகிறோம், அடுத்த ஆண்டு வேலை கூடினால் திரும்பி வருவோம்" என்பதை எந்தக் கணக்காய்வாளரும் ஏற்கமாட்டார்.

டன் முறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. ஓடாத இயந்திரத்துக்குத் தேய்மானம் பூஜ்யம் என்பதால், அது கெடவே இல்லை என்று பொருளாகாது. நம் நாட்டு மழையில் பல மாதம் திறந்தவெளியில் நின்ற கிரஷரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பேரிங்குகளில் துரு, வெடித்த ரப்பர் குழாய்கள், எலி கடித்த மின்கம்பிகள். இவற்றில் எதுவும் டன் கணக்கில் வராது. ஆகவே நீண்ட காலம் நிற்கும் இயந்திரத்துக்கு மதிப்பிழப்புச் சோதனை என்ற தனிக் கேள்வியைக் கேட்க வேண்டும். இன்று விற்றால் செலவு போகக் கிடைக்கும் தொகை, தொடர்ந்து ஓட்டினால் அது சம்பாதித்துத் தரும் பணத்தின் இன்றைய மதிப்பு, இந்த இரண்டில் எது பெரிதோ அது புத்தக மதிப்பைவிடக் குறைவாக இருந்தால், வித்தியாசத்தை அந்த ஆண்டிலேயே நட்டமாக எழுத வேண்டும். 2021 இறுதியில் நம் உதாரணக் கிரஷரின் புத்தக மதிப்பு 1,584,000 வெள்ளி. அன்று சந்தையில் அது 12 லட்சத்துக்குத்தான் போகும் என்றாலும், கையில் ஒப்பந்தங்கள் இருந்து அவற்றின் வருமானம் 16 லட்சத்தைத் தாண்டும் என்றால் நட்டம் எழுத வேண்டியதில்லை. ஒப்பந்தமே இல்லை என்றால் நிலைமை வேறு.

வேலை எப்போது வரும், போகும் என்பது குவாரிக்காரர் கையில் இல்லை. கிள்ளான் மக்களுக்கு நன்கு தெரிந்த உதாரணம், பண்டார் உத்தாமாவிலிருந்து ஜொகான் செத்தியா வரையிலான எல்.ஆர்.டி. 3 திட்டம். 2018 ஜூலையில் அரசாங்கம் அதன் செலவை 3,165 கோடி வெள்ளியிலிருந்து 1,663 கோடி வெள்ளிக்குக் குறைத்தது. அதே மாதத்தில் கிழக்குக் கரை ரயில் திட்டம் நிறுத்தப்பட்டு, 2019-இல் மறுபடி பேசி முடிக்கப்பட்டது. கான்கிரீட்டை நம்பிய திட்டங்கள் இப்படி அசையும்போது கல்லின் தேவையும் கூடவே அசைகிறது. ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவு உடைக்கும் குவாரிக்கு இந்தச் சிரமம் எதுவும் வேண்டாம். நேர்கோட்டு முறையே ஏறக்குறைய அதே விடையைத் தரும். தராசும் குவியல் அளவையும் மிச்சம். அலுவலகக் கணினி, கூரைக் கொட்டகை போன்றவற்றுக்கும் அப்படியே. அவை காலத்தால் பழசாகின்றன, டன்னால் அல்ல.

கடைசியாக வரி. இந்த முறைக்கு மாறினால் வருமான வரி கூடுமா, குறையுமா? இரண்டும் இல்லை. உள்நாட்டு வருமான வரி வாரியம் கணக்குப் புத்தகத் தேய்மானத்தைச் செலவாக ஏற்பதில்லை. வரிக் கணக்கில் அதைத் திரும்பக் கூட்டிவிட்டு, 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி மூலதனப் படியைக் கழிக்க வேண்டும். பொதுவான ஆலை, இயந்திரங்களுக்கு அது தொடக்கத்தில் 20 விழுக்காடு, ஆண்டுதோறும் 14 விழுக்காடு. நம் 24 லட்சம் வெள்ளி கிரஷருக்கு முதல் ஆண்டில் இரண்டும் சேர்ந்து 816,000 வெள்ளி, அடுத்த நான்கு ஆண்டுகளுக்குத் தலா 336,000 வெள்ளி, ஆறாம் ஆண்டில் மீதமுள்ள 240,000 வெள்ளி. 2020-இல் 120,000 டன் உடைத்திருந்தாலும், ஒரு டன்கூட உடைக்காமல் தொழிலுக்குத் தயாராக நின்றிருந்தாலும், அந்த ஆண்டுக்கான படி அதே 336,000 வெள்ளிதான். கழிக்கப் போதிய வருமானம் இல்லாவிட்டால் அது அதே தொழிலின் அடுத்த ஆண்டு வருமானத்துக்குப் போகும். ஆகவே டன் பதிவேடு, தராசுச் சோதனை, பொறியாளரின் குறிப்பு ஆகியவற்றை ஒரு கோப்பிலும், மூலதனப் படிக் கணக்கை இன்னொரு கோப்பிலும் வைத்துக்கொள்வது நல்லது. முதலாவதைக் கேட்பவர் கணக்காய்வாளர். இரண்டாவதைக் கேட்பவர் வரி அதிகாரி.